கையை விட்டுப் போனது எவ்வளவு, ஊரில் சேர்ந்தது எவ்வளவு: பணம் அனுப்பும் கணக்கு, கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருபவர் மல்லிகா அக்கா. பதில்களில் வரும் ரேட்டெல்லாம் கணக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ரசீதில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

செல்வம், கிராஞ்சி: அக்கா, மாசம் 800 வெள்ளி அனுப்புறேன். நோட்டுல தேதியும் தொகையும் மட்டும் எழுதி வைக்கிறேன். வருஷக் கடைசில பார்த்தா ஒண்ணும் புரியல. வேற என்ன எழுதணும்?

தம்பி, ஒரு தடவை அனுப்பினால் ஐந்து விஷயம் எழுதுங்கள். தேதி, சார்ஜையும் சேர்த்து உங்கள் கையை விட்டுப் போன மொத்த வெள்ளி, அதில் சார்ஜ் எவ்வளவு, ரசீதில் போட்ட ரேட், ஊர்க் கணக்கில் வந்து விழுந்த ரூபாய். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ரசீதைப் பார்த்து அதை எழுதக் கூடாது. வீட்டுக்கு பேங்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி, அதில் இருக்கும் தொகையை எழுதுங்கள்.

பிறகு ஒரே ஒரு வகுத்தல். வந்த ரூபாயைப் போன மொத்த வெள்ளியால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான ரேட். 800 வெள்ளியில் 5 வெள்ளி சார்ஜ் கழித்து 795ஐ 67.20 ரேட்டில் மாற்றினால் 53,424 ரூபாய் சேரும். அதை 800ஆல் வகுத்தால் 66.78. கடை போர்டில் இருந்தது 67.20, உங்களுக்குக் கிடைத்தது 66.78. வருஷக் கடைசியில் பன்னிரண்டு மாதத்தையும் இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

பாண்டி, துவாஸ்: சார்ஜ் இல்லாத ஆப்புதான் எப்பவும் லாபம். ரூம்ல எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன். சரிதானே?

சின்னத் தொகைக்குச் சரி, பெரிய தொகைக்குத் தப்பு. சார்ஜ் வாங்காதவர்கள் ரேட்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். ஒரு கடை 67.20 தந்து 5 வெள்ளி வாங்குகிறது, ஒரு ஆப் சார்ஜ் இல்லாமல் 66.60 தருகிறது என்று வையுங்கள். 200 வெள்ளி அனுப்பினால் கடையில் 13,104 ரூபாய், ஆப்பில் 13,320. ஆப்தான் மேல். அதே 800 வெள்ளிக்குக் கடையில் 53,424, ஆப்பில் 53,280. இப்போது கடை மேல்.

இரண்டும் சமமாகும் இடம் 560 வெள்ளி. கண்டுபிடிப்பது சுலபம்: சார்ஜை நல்ல ரேட்டால் பெருக்குங்கள் (5 × 67.20 = 336), அதை இரண்டு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் (60 காசு, அதாவது 0.60) வகுங்கள். ரேட் நாளுக்கு நாள் மாறுவதால் இந்த 560உம் மாறும். அதனால் ரூமில் இருக்கும் நண்பர்களுக்கு ஆப்பின் பெயரைச் சொல்லாதீர்கள், இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

பேநவிலிருந்து யூபிஐக்கு அனுப்புவதைப் பற்றி இன்னும் சிலரும் கேட்டிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் வந்த அந்த வழியிலும் வெள்ளியை ரூபாயாக்க ஒரு ரேட் உண்டு. உறுதி செய்வதற்கு முன் திரையில் காட்டும் ரூபாயைக் குறித்துக்கொண்டு இதே வகுத்தலைப் போடுங்கள்.

ராசு, சுங்கை காடுட்: என் கேஸ் வேற. 67.20 ரேட்டுல 800 வெள்ளி போட்டேன். 53,760 வரணும். ஊர்ல 53,424தான் வந்துச்சுன்னு தம்பி சொல்றான். 336 ரூபாய அவன் எடுத்துட்டானா?

எடுக்கவில்லை. அந்த 336 ரூபாய் உங்கள் 5 வெள்ளி சார்ஜ்தான், ரூபாயாக மாறி நிற்கிறது. சில இடங்களில் நீங்கள் கொடுக்கும் 800க்குள்ளேயே சார்ஜைக் கழித்துக்கொள்வார்கள். சில இடங்களில் 800ஐ முழுதாக மாற்றிவிட்டு, மேலே 5 வாங்கி 805 வெள்ளியாக முடிப்பார்கள். ஒரு மாதம் அப்படி, ஒரு மாதம் இப்படி என்று அனுப்பிவிட்டு நோட்டில் இரண்டுக்கும் "800" என்றே எழுதினால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். கையை விட்டுப் போன மொத்தத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

சார்ஜைக் கழித்த பிறகும் தொகை இடித்தால் பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். பேங்கிலிருந்து பேங்குக்கு வெளிநாட்டு வயர் முறையில் வெள்ளியாகவே போன பணத்தில், நடுவில் இருக்கும் பேங்க் கட்டணம் பிடிக்கலாம். ஊர் பேங்கும் மாற்றும்போது சின்ன ஜிஎஸ்டி பிடிக்கும். ரூபாயாகவே ஊர்க் கணக்கில் விழும் வழியில் பொதுவாக இந்தப் பிடித்தம் இருக்காது. தம்பியிடம் கேட்பதற்கு முன் ரசீதையும் பாஸ்புக் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ராசு. வீட்டில் சந்தேகம் விழுந்தால் அதை எடுப்பது கஷ்டம்.

இளங்கோ, ஜூரோங்: கூகுள் ஷீட்ல மார்க்கெட் ரேட் தானா வர்ற ஃபார்முலா போட்டேன். ஜனவரி வரிசைல இருந்த ரேட் இன்னைக்கு வேற மாதிரி நிக்குது. நஷ்டக் கணக்கே மாறிப்போச்சு. என்ன தப்பு?

தேதி கொடுக்காமல் போட்டால் அந்தச் செல் எப்போதும் இன்றைய ரேட்டைத்தான் காட்டும். பழைய வரிசைகளும் அதோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். A பத்தியில் தேதி, B மொத்த வெள்ளி, C சார்ஜ், D ரசீது ரேட், E வந்த ரூபாய் என்று வைத்திருந்தால், மார்க்கெட் ரேட்டுக்கு G பத்தியில் இப்படிப் போடுங்கள்:

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:SGDINR","price",A2),2,2)
```

எண் வந்ததும் அதை நகலெடுத்து, அதே செல்லில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டரில் Ctrl+Shift+V. பிறகு அது அசையாது. சில நாட்களுக்கு #N/A வந்தால் அதற்கு முந்தைய வேலை நாளின் ரேட்டைக் கையால் போட்டால் போதும். ஆனால் எல்லா வரிசையிலும் பிழை வந்தால் தேதியைச் சந்தேகப்படுங்கள். 05/03 என்று எழுதியதை ஷீட் மே 3 என்று படித்திருக்கும். File, Settings, Locale போய் Singapore என்று மாற்றிவிட்டு, தேதிகளைத் திரும்ப அடியுங்கள்.

உண்மை ரேட், மார்க்கெட்டோடு பார்த்தால் போன ரூபாய், சரிபார்ப்பு ஆகிய மூன்றுக்கும் முறையே F, H, I பத்திகளில்:

```
=E2/B2
=B2*G2-E2
=(B2-C2)*D2-E2
```

மார்க்கெட் 67.50 என்றால், செல்வம் அனுப்பிய 800க்கு இரண்டாவது ஃபார்முலாவில் 576 ரூபாய் வரும். அனுப்புவதற்கு அந்த மாதம் ஆன முழுச் செலவு அதுதான். மூன்றாவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காத வரிசையில் மட்டும் ரசீதைத் தேடுங்கள்.

மேரி, ஈசூன்: அக்கா, வீட்டு வேலை பாக்கிறேன். ஒரே தடவையா அனுப்புறேன், அம்மா அதை அஞ்சு செலவுக்குப் பிரிக்குது. ஆப்புல காரணம் கேட்டா Family Maintenance போடுறேன். அதையே நோட்டுலயும் எழுதினா போதாதா?

போதாது மேரி. ஆப்பில் கேட்கும் காரணம் பேங்குக்கும் சட்டத்துக்கும். குடும்பச் செலவுக்கு என்று அதைத் தேர்ந்தெடுப்பது சரிதான். உங்கள் நோட்டில் வேண்டியது பணம் வீட்டில் எங்கே போனது என்பது, அது ரூபாயில் இருக்க வேண்டும். வெள்ளியில் பிரிக்க முயன்றால் ஒவ்வொரு மாதமும் ரேட் மாறிக் கணக்கு ஒட்டாது.

இன்னொரு பக்கத்தில், ஒரு செலவுக்கு ஒரு வரி எழுதுங்கள்: அனுப்பிய தேதி, வகை, ரூபாய். 53,424 வந்த மாதம் என்றால் வீட்டுச் செலவு 18,000, கடன் 12,000, சீட்டு 10,000, பள்ளிக்கூடம் 8,000. கூட்டினால் 48,000. மீதி 5,424ஐ "கையிருப்பு" என்று எழுதுங்கள், "இதர செலவு" என்று எழுதாதீர்கள். அடுத்த மாதம் அம்மாவிடம் அந்தப் பணம் இருக்கிறதா, எதற்காவது எடுத்தார்களா என்று கேட்டு அதே வரியைப் பிரியுங்கள். ஆஸ்பத்திரிக்கு 3,000 போயிருந்தால் அது தனி வரியாகும். "இதர" என்று ஒரு பெட்டி திறந்தால் ஆறு மாதத்தில் பாதிப் பணம் அதற்குள் போய்விடும்.

வகைகள் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். ஷீட்டில் வைத்திருந்தால், பிரித்தது முழுதும் சேர்ந்ததா என்பதை இது காட்டும்:

```
=E2-SUMIF(Sheet2!A:A,A2,Sheet2!C:C)
```

குமரேசன், செம்பவாங்: ஏஜெண்டுக்குக் கட்ட 3 லட்சம், ரெண்டு வட்டிக்கு வாங்கினோம். மாசம் 12,000 கட்டுறோம். "கடன்"னு ஒரே வகையா எழுதுறதுல என்ன போச்சு?

நிறையப் போகும். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், 3 லட்சத்துக்கு 6,000. முதல் மாதம் கட்டிய 12,000இல் 6,000 வட்டி, 6,000 முதல். முதல் 2,94,000 ஆகிவிட்டதால் இரண்டாம் மாத வட்டி 5,880, முதலுக்கு 6,120. இப்படிப் போனால் கடன் 35 மாதத்தில் முடியும்.

வட்டி, முதல் என்று இரண்டு வரியாக எழுதினால், கொடுத்தவர் இரண்டாம் மாதமும் 6,000 வட்டி பிடித்தது உடனே தெரியும். ஆரம்பத் தொகைக்கே கடைசிவரை வட்டி போட்டால் அதே கடன் முடிய 50 மாதம் ஆகும். அந்தப் பதினைந்து மாதம் 1,80,000 ரூபாய். கட்டும்போதெல்லாம் "முதல் பாக்கி இவ்வளவு" என்று கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

சிலர் முதலை மொத்தமாகத்தான் வாங்குவேன் என்பார்கள். அங்கே மாதம் வட்டி மட்டும் கட்டி, மீதி 6,000ஐ "முதலுக்குச் சேர்ப்பு" என்று தனி வகையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது வட்டி குறைந்த நகைக்கடன் எடுத்து இதை அடைக்கலாம். எது நல்லது என்பது வீட்டில் இருக்கும் நகையையும் அந்த ஆளையும் பொறுத்தது. இங்கிருந்து நான் முடிவு சொல்ல முடியாது.

பெயர் வேண்டாம், தேக்கா: ஒருத்தர் கடையை விட ஒரு ரூபா கூட ரேட் தர்றார். ரசீது கிடையாது, ஊர்ல ஆள் வந்து கையில கொடுப்பாங்க. அதை எப்படி எழுதறது?

அனுப்பாதீர்கள். அது உண்டியல். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது இங்கே குற்றம். சிங்கப்பூர் நாணய ஆணையமான எம்ஏஎஸ் இணையதளத்தில் உள்ள நிறுவனப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். 800 வெள்ளிக்கு 800 ரூபாய் கூடக் கிடைக்கும் என்று போய், 53,000 வராவிட்டால் கேட்க ரசீதும் இல்லை, ஆளும் இல்லை. நண்பரின் பணத்தை உங்கள் பெயரில் அனுப்புவதும் வேண்டாம். அது யாருடைய பணம் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

செல்வம், கிராஞ்சி: அக்கா, இன்னொண்ணு. ரேட் ஏறும்ங்கிறாங்க. சம்பளம் வந்ததும் 400 அனுப்பி, மீதி 400 அப்புறம் அனுப்பவா?

ரேட் ஏறுமா என்று யாராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்க ஆகும் செலவைச் சொல்ல முடியும். உங்கள் கடையில் இரண்டு தடவை அனுப்பினால் இன்னொரு 5 வெள்ளி, அதாவது 336 ரூபாய் போகும். பிடித்து வைத்த 400இல் சார்ஜ் போக மாறுவது 395தான், அதில் இதை மீட்க ரேட் சுமார் 85 காசு ஏற வேண்டும். குமரேசன் மாதிரி இரண்டு வட்டிக் கடன் இருக்கிறவர்கள் 12,000 தவணையை ஒரு மாதம் தள்ளினால் 240 ரூபாய் வட்டி ஏறும்.

பாண்டி, துவாஸ்: சார்ஜ் இல்லாத ஆப்புல பிரிச்சா அந்த 336 போகாதே அக்கா?

போகாது, அது சரி. அப்படியானால் 400 வெள்ளிக்கு ஆப்பே மேல், பாதி பாதியாக அனுப்பலாம். ஆனால் ஆப்பில் இரண்டு 400 போட்டால் 53,280, கடையில் ஒரே 800 போட்டால் 53,424. ஆக, பிடித்து வைத்த பாதியில் ரேட் 36 காசு ஏறினால்தான் இரண்டும் சமம்.