ஜன்னல் உறையில் பின்கோடு மறைந்துபோகிறது, ஏன்?

“கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தருமபுரி வியாபாரிக்கு அனுப்பும் பில்லில் 636701 மட்டும் ஜன்னலுக்குக் கீழே போய்விடுகிறது. முகவரியை எங்கே அச்சிடுவது?”

உறைக்குள் தாள் நகர்கிறது, அதுதான் காரணம். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 210 x 99 மி.மீ. உறை 220 x 110 என்றால் பக்கவாட்டில் 10, மேலும் கீழும் 11 மி.மீ. ஆட இடமிருக்கிறது. தாள் கீழே இறங்கும்போது கடைசி வரி தப்பிவிடும்.

முதலில் உங்கள் உறையை அளந்து பாருங்கள். கடைக்குக் கடை ஜன்னல் மாறும். 90 x 35 ஜன்னல், இடப்பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் 20 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாள் எப்படி நகர்ந்தாலும் தெரிகிற பகுதி, தாளின் மேல்விளிம்பிலிருந்து 55 முதல் 79 வரை, இடவிளிம்பிலிருந்து 20 முதல் 100 வரை மட்டுமே. வரிக்கு 5 மி.மீ. என்றால் நான்கு வரிதான் அடங்கும். ஐந்தாவதாக வரும் பின்கோட்டை ஊர்ப்பெயருடன் சேர்த்துவிடுங்கள். 44 முதல் 90 மி.மீ. வரை பில் தொகை போன்ற வேறெதையும் அச்சிடாதீர்கள், அதுவும் எட்டிப் பார்க்கும்.

முகவரி வெளிப்பக்கம் வர, விசிறி மடிப்பாக மடியுங்கள். அச்சிடும்போது `Fit` வேண்டாம், `Actual size` தேர்ந்தெடுங்கள். சுருங்கினால் இந்த அளவெல்லாம் பிசகும். ஒட்டுவதற்கு முன் உறையின் நான்கு விளிம்புகளையும் மேசையில் தட்டி, ஒவ்வொரு முறையும் ஜன்னலைப் பாருங்கள்.