குர்ர்ர் என்றால் சந்தோஷம்தானா? பூனை கேள்வி பதில்

இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனால் தடவினால் குர்ர்ர் என்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?

பயம் இருக்கிறது, இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியில், பயத்தில், குட்டி போடும்போது, ஏன் சாகக் கிடக்கும்போதுகூடப் பூனை குர்ர்ர் என்னும். சத்தத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். சுகமாக இருக்கும் பூனை தளர்ந்து படுத்திருக்கும். வலி என்றால் முதுகைக் கூனிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை இடுக்கி, காதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருக்கும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் சரியில்லை. அப்புறம், இரண்டு நாள் பட்டினி என்பதே பூனைக்கு ஆபத்து, அதுவும் குண்டுப் பூனை என்றால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

எங்கள் வீட்டுக் கிழவி ஒருமுறை மருத்துவர் மேசையில் நடுங்கிக்கொண்டே விடாமல் குர்ர்ர் என்றாள். ஸ்டெதாஸ்கோப்பில் வேறு எதுவுமே கேட்கவில்லை. அவர் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் சத்தத்தில் இவள் கப்சிப். அப்போதுதான் இதயத்தில் இரைச்சல் இருப்பது தெரிந்தது.

அந்த 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் எலும்பே கூடிவிடுமாமே? அடிபட்ட பூனை குர்ர்ர் என்பது அதனால்தான்.

பாதி சரி. குர்ர்ர் 25, 30 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும். ஆனால் பூனை அதை வைத்துத் தன் காயத்தை ஆற்றிக்கொள்கிறது என்பது ஊகம், யாரும் நிரூபிக்கவில்லை. குட்டி பிறந்த சில நாளிலேயே பால் குடித்துக்கொண்டு குர்ர்ர் என்னும், தாயும் பதிலுக்குச் செய்யும். வலியில் வருவதும் அந்தப் பழைய 'பக்கத்திலேயே இரு' என்ற பேச்சின் மிச்சம் என்பது என் கணிப்பு.

காலை 5 மணிக்கு என் காதுக்குள் வந்து குர்ர்ர் என்கிறதே, அதுவும் வலியா?

பசி! அந்தக் குர்ர்ருக்குள் மெல்லிய அழுகை ஒன்று ஒளிந்திருக்கும். கேரன் மெக்கோம்ப் குழு 2009-இல் இதை ஆராய்ந்தது. அந்த அழுகையின் சுருதி கிட்டத்தட்டக் குழந்தை அழுகை மாதிரி இருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகத்தான் கேட்டது.

என்னுடையது குர்ர்ர் என்றாலே கடிக்கிறது. நீங்கள் பாசம் என்கிறீர்கள்!

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அது உறுமலாக இருக்கும். கவனித்துக் கேளுங்கள், குர்ர்ர் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அறுபடாமல் வரும், உறுமல் விடும்போது மட்டும். நிஜமாகவே குர்ர்ர்தான், வாலும் படபடவென்று அடிக்கிறது என்றால், தடவியது போதும், கையை எடுங்கள்.

கட்டிலடிப் பூனைக்காரன்தான். பல் வேரில் சீழாம். போகும் வழியெல்லாம் குர்ர்ர்.

நல்லவேளை. வலி மருந்து கொடுத்த பிறகும் குர்ர்ர் என்கிறதா, எப்படிப் படுத்திருக்கிறது என்று நாளைக்கு எழுதுங்கள்.