இலக்கைத் தாண்டிய விலை திரும்பி வருமா?

கேள்வி: மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு ஆண்டுக்கு 2 சதவீதம். ஓராண்டு 5 சதவீதம் ஆகி, மறு ஆண்டு 2-க்கு வந்ததும் இலக்கை எட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஏறிய விலை ஏறியபடியே இருக்கிறதே? ஆண்டுதோறும் மாறாத ஒரே தொகையைப் பெறும் பத்தாண்டு ஒப்பந்தம் செய்யவிருக்கிறேன். இந்த இழப்பை யார் ஈடுசெய்வார்கள்?

பதில்: பணவீக்க இலக்கு முறையில் யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள். அந்த முறையில் மத்திய வங்கி கவனிப்பது இனி விலைகள் எந்த வேகத்தில் ஏறும் என்பதைத்தான். நடந்து முடிந்த ஏற்றம் கணக்கில் வருவதில்லை. விலைக் குறியீட்டெண் 100-இல் தொடங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் பத்தாம் ஆண்டில் அது ஏறக்குறைய 121.9 ஆக இருக்க வேண்டும். முதலாண்டில் மட்டும் 5 சதவீதம் ஏறி, பிறகு ஒன்பது ஆண்டுகளும் இலக்கு தவறாமல் எட்டப்பட்டால் 125.5-இல் நிற்கும். அதாவது, உங்கள் தொகையின் வாங்கும் சக்தி எதிர்பார்த்ததைவிடச் சுமார் 3 சதவீதம் குறைந்து, அப்படியே நிலைத்துவிடும்.

இதற்கு மாற்றான விலைமட்ட இலக்கு முறையில் 102, 104.04 என்று செல்லும் குறியீட்டெண்ணின் பாதையே இலக்கு. முதலாண்டில் 105-ஐத் தொட்டுவிட்டால், ஐந்தாம் ஆண்டுக்குரிய 110.4-க்குள் விலைமட்டத்தைக் கொண்டுவர, அடுத்த நான்கு ஆண்டுகளும் பணவீக்கம் சுமார் 1.3 சதவீதமாக இருக்க வேண்டும். ஒரே ஆண்டில் பாதைக்குத் திரும்ப வேண்டுமென்றாலோ விலைகள் ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கியாக வேண்டும். மத்திய வங்கி இதைச் செய்தே தீரும் என்று மக்கள் நம்பினால், விலை வைப்பவர்களும் கூலி பேசுபவர்களும் குறைந்த ஏற்றத்தையே எதிர்பார்ப்பார்கள்; பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நம்பாவிட்டால்தான் சிக்கல். எரிபொருள் போன்ற வழங்கல் தட்டுப்பாட்டால் ஏறிய விலையை ஈடுகட்ட, மற்ற விலைகளை வட்டியால் அழுத்த வேண்டியிருக்கும். கூலி எளிதில் இறங்காது என்பதால் அந்தச் சுமை வேலையிழப்பாகவே வெளிப்படும். நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைக்கும் தங்கத் திட்டத்தைக் கைவிட்ட ஸ்வீடன் 1931-இல் விலைமட்டத்தையே குறிக்கோளாக அறிவித்தது. ஆனால் 1990-இல் நியூசிலாந்து தொடங்கிவைத்த பணவீக்க இலக்கு முறையே பின்னர் பல நாடுகளுக்கும் பரவியதற்கு, இந்தச் சுமை குறித்த தயக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடுகளிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2020-இல் அறிவித்த சராசரிப் பணவீக்க இலக்கு, பணவீக்கம் இலக்குக்குக் கீழே கிடந்த காலத்தை ஈடுசெய்யவே முனைந்தது. மேலே போனதை ஈடுசெய்வதாக அது வாக்களிக்கவில்லை. 2025-இல் அந்த ஈடுசெய்யும் உத்தியும் கைவிடப்பட்டது.

எனவே, உங்கள் மத்திய வங்கியின் கொள்கை அறிக்கையில் இலக்கு ஆண்டு விகிதமாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, குறியீட்டெண்ணின் பாதையாகவா என்று பாருங்கள். விகிதம் என்றால், தொகையைக் குறியீட்டெண்ணோடு இணைக்கும் விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.