இடுக்கை அளந்துவிட்டு டேப் வாங்குங்கள்: கதவு, ஜன்னல் கேள்வி பதில்

கதவு, ஜன்னல் மாட்டுவது எனக்கு 22 வருடத் தொழில். தூசி, பூச்சி, சாரல் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

நிலையைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டினேன் அண்ணா. இப்போது கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது. தோளால் முட்டித்தான் தாழ் போடுகிறேன். மட்டமான டேப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

டேப் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் அளந்த இடம்தான் தப்பு. கதவின் ஓரத்துக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதே, அந்த இடுக்கைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். டேப் அங்கே உட்காரப்போவதில்லை. சாத்தும்போது கதவின் முகம் போய் மோதி நிற்கும் உள்விளிம்பில் உட்காரப்போகிறது. கதவு மூடிய பிறகு அந்த உள்விளிம்பின் இடுக்கு கண்ணுக்கே தெரியாது, ஸ்கேலும் நுழையாது.

குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டாணி அளவுக்கு உருட்டி, மெல்லிய பாலிதீனில் சுற்றி, உள்விளிம்பில் ஏழெட்டு இடத்தில் ஒட்டுங்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டு, மறுபடி திறங்கள். உருண்டைகள் எவ்வளவு தடிமனுக்கு நசுங்கியிருக்கின்றனவோ அதுதான் உங்கள் இடுக்கு.

போன வாரம் ஒரு கதவில் இப்படிப் பார்த்தேன். தாழ்ப்பாள் பக்கம் கீழே 2 மி.மீ., மேலே 4. தலைப்பக்கம் நெடுக 4. கீல் பக்கம் 1 கூட இல்லை. பலகை லேசாக முறுக்கியிருந்தது. வீட்டுக்காரர் சுற்றிலும் 10 மி.மீ. டேப் ஒட்டியிருந்தார். ஃபோம் தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுங்கினால் நன்றாக அடைக்கும். அதற்கு மேல் அமுக்கினால் கதவு திருப்பித் தள்ளும், டேப்பும் சில மாதங்களில் அப்பளமாகி எழும்பாமல் போகும். 4 மி.மீ. இடுக்குக்கு 6, 2 மி.மீ. இடுக்குக்கு 3 என்று வாங்கி ஒட்டினோம். கீல் பக்கத்தில் உள்விளிம்பை அப்படியே விட்டுவிட்டோம். அங்கே தடித்த டேப் ஒட்டினால், கத்தரிக்கோலின் திருகாணிக்குப் பக்கத்தில் கல் மாட்டியது போல ஆகிவிடும். எவ்வளவு தள்ளினாலும் கதவு மூடாது, கீலின் ஸ்க்ரூதான் பிடுங்கிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் மட்டும் மெல்லிய டேப்பை நிலையின் பக்கவாட்டில், கீல்களுக்கு நடுவே ஒட்டினேன். கதவு இப்போது ஒரு விரலால் சாத்துகிறது.

சார், என் கதவுக்கு எத்தனை மி.மீ. டேப் வாங்கலாம்?

மேலே படியுங்கள். களிமண் உருண்டை.

ஒரு மாதத்திலேயே மூலையிலிருந்து உரிந்து தொங்குகிறது. ஃபெவிக்கால் வைத்து ஒட்டலாமா?

வேண்டாம். மூலையில் உரிகிறது என்றால், ஒட்டும்போது டேப்பை இழுத்திருக்கிறீர்கள். நீட்டி ஒட்டிய ஃபோம் மெதுவாகப் பழைய நீளத்துக்குச் சுருங்கும்போது முதலில் மூலையைத்தான் கிளப்பும். இதை நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: டேப்பை இழுக்காதீர்கள். காகிதத்தை ஒரு சாண் ஒரு சாணாக உரித்து, டேப்பைத் தளர்வாக வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மூலையில் மடக்காமல் வெட்டி, இரண்டு துண்டையும் முட்ட வையுங்கள்.

ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் மட்டும் போதாது. கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த நிலையில் சில வாரங்கள் கழித்துத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் டேப் பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும்.

கதவுக்கு அடியில் சந்தை மறைக்கும் ஸ்வீப் பட்டை போட்டும் கரப்பான் வருகிறது. பிரஷ் வைத்ததற்குப் பதில் ரப்பர் வைத்திருக்க வேண்டுமோ?

தூசிக்கு பிரஷ் பரவாயில்லை. பூச்சிக்கு ரப்பர்தான். வளர்ந்த கரப்பானே 3 மி.மீ. சந்தில் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நுழைந்துவிடும். ஆனால் உங்கள் வீட்டில் அது நடுவில் நுழைகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று தரையோடு டார்ச் அடிக்கட்டும். நீங்கள் உள்ளே குந்தி உட்கார்ந்து பாருங்கள். அநேகமாக ஸ்வீப்பின் இரண்டு முனையில்தான், அது நிலையைத் தொடாமல் நிற்கும் இடத்தில், வெளிச்சம் தெரியும். அங்கே ஒரு சின்ன ரப்பர் துண்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூடும்போது கீழே 12 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அந்த அளவுக்கு ஸ்வீப் போட்டால், பாதி திறந்ததும் தரையில் உரசி நின்றுவிடுகிறது.

தரை உள்பக்கம் ஏறுகிறது. கதவைத் தொண்ணூறு டிகிரி திறந்து அங்கேயும் அளந்து பாருங்கள், 5 அல்லது 6 தான் இருக்கும். இப்படிப்பட்ட தரைக்குத் தானாக இறங்கும் ஸ்வீப் ஒன்று உண்டு. கீல் பக்க முனையில் ஒரு பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும். கதவு மூடும்போது அது நிலையில் முட்டி அமுங்க, உள்ளே இருக்கும் ரப்பர் கீழே இறங்கும். திறந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். அந்தப் பொத்தானைத் திருகி இறக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

தச்சு வேலை செய்கிறவன் நான். கீல் தளர்ந்து கதவு தொங்கும்போது டேப் ஒட்டச் சொல்வது, ஒழுகும் கூரைக்குக் கீழே பக்கெட் வைப்பது மாதிரி. முதலில் கீலைப் பாருங்கள் என்று சொல்ல மாட்டீர்களா?

சரியாகச் சொன்னீர்கள், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேல் கீலில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, நிலையில் ஆழமாகப் பிடிக்கிற நீள ஸ்க்ரூ போட்டாலே பல கதவுகள் தூக்கி நின்றுவிடும். அதன் பிறகு களிமண்ணால் அளங்கள். ஆனால் இழைப்புளி எடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மழைக்காலத்தில் ஊதியிருக்கும் மரத்தை இழைத்தால், வெயில் காலத்தில் அந்த இடுக்கு இன்னும் அகலும்.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் தண்டவாளத்தில், வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. எறும்பும் சாரலும் வருகிறதே என்று சிலிகான் வைத்து அடைத்துவிட்டேன். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வழிந்து சுவரெல்லாம் நனைந்துவிட்டது. சிலிகான் சரியில்லையா?

ஐயா, முதல் வேலையாக அந்த சிலிகானைக் குத்தி எடுங்கள். அவை வடிகால் துளைகள். தண்டவாளத்தில் தேங்குகிற தண்ணீர் வெளியே போகிற வழியே அதுதான். எறும்புக்கு அவசியம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் சின்ன வலைத்துண்டு வையுங்கள், அதையும் மாதம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். துளை வழியாகக் காற்று தண்ணீரை உள்ளே ஊதுவதை நானே கண்ணால் பார்த்தேன், குமிழி விடுகிறது. வெளிப்பக்கம் முழுக்க அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படி வரும்?

குமிழி விடுவது உண்மைதான். நீங்கள் பார்த்ததைப் பொய் என்று சொல்லவில்லை. மணிக்கு 36 கி.மீ. காற்று ஜன்னலில் நேராக மோதினால், அந்த அழுத்தம் சுமார் 6 மி.மீ. தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கும். 72 கி.மீ. ஆனால் வேகம் இரண்டு மடங்குதான், உயரமோ நான்கு மடங்காகி 24 மி.மீ. ஆகிவிடும். அதனால் பலத்த காற்றில் தண்டவாளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அதன் உள்சுவர் அந்த உயரத்தைவிட உயர்ந்திருந்தால் உள்ளே வழியாது, காற்று தணிந்ததும் துளை வழியே இறங்கிவிடும். துளையை அடைத்துவிட்டால் இறங்க வழியில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரெல்லாம் சேர்ந்து நிரம்பி, உள்சுவரைத் தாண்டும். சுவர் நனைந்தது இப்படித்தான்.

வெளிப்பக்கம் எவ்வளவு அடைத்தாலும் எங்காவது ஒரு மயிரிழை இடுக்கு மிஞ்சும். உள்பக்கம் காற்று தாராளமாகப் போய்வந்தால் அந்த மயிரிழை வழியே தண்ணீரையும் இழுத்து வரும். அதனால் காற்றை உள்பக்கத்தில் இறுக்கி அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் மழையைத் திருப்பிவிட்டு, மிஞ்சுகிற தண்ணீரை வடியவிட்டால் போதும்.

நீங்கள் சொல்வதெல்லாம் நல்ல ஜன்னலுக்கு. எங்கள் தண்டவாளத்தின் உள்சுவரே 15 மி.மீ. தான். புயலில் என்ன செய்வது?

புயலில் வழியும். இதற்கு டேப்பில் மருந்து இல்லை. ஓடும் சட்டத்தின் கம்பளி மாதிரியான இழைப் பட்டையைப் புதிதாக மாற்றினால் குறையும், நிற்காது.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. என் மாமா வீட்டில் வெளிப்பக்கம்தான் அடைத்தார்கள், மூன்று வருடமாக ஒரு சொட்டு வரவில்லை.

அந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, மேலே சன்ஷேடு எவ்வளவு நீளம் என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

வாசல் கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வருகிறது. மஞ்சள் ஸ்பாஞ்சு டேப் அடுக்கடுக்காக ஒட்டினேன்.

அது தண்ணீரைக் குடித்து உட்கார்ந்திருக்கும், பிழிந்து பாருங்கள். மழை படும் இடத்தில் மூடிய அறைகள் கொண்ட ஈ.பி.டி.எம். ரப்பர் டேப்தான் வேண்டும். துண்டை வெட்டி ஒரு பக்கத்தை உதட்டில் வைத்து ஊதினால், காற்று மறுபக்கம் வந்தால் அது ஸ்பாஞ்சு. அடுத்து, கதவின் வெளிமுகத்தில் கீழே சாய்வான பட்டை ஒன்று மாட்டி, கதவில் வழிகிற தண்ணீரைப் படிக்கு வெளியே சொட்ட வையுங்கள். படி உள்பக்கம் சாய்ந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

கார் கதவு ரப்பரை வீட்டுக் கதவுக்குப் போடலாமா?

கார் மெக்கானிக்கைக் கேளுங்கள். வீட்டுக்கு நான் போட்டதில்லை.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. குளிர்காற்று வராமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் டேப் வைத்து அடைக்கலாமா?

கூடாது. எரிகிற அடுப்போ கீசரோ உள்ள அறையில் காற்று வரும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். காற்று போதாவிட்டால் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாசனை இருக்காது, மயக்கம் வரும்போதுதான் தெரியும். கதவைத் திறக்கக்கூட எழ முடியாமல் போகும். கீசரை குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள், அதன் பிறகு டேப்பைப் பற்றிப் பேசலாம்.

அண்ணா, 10 மி.மீ. டேப் ஒரு ரோல் வாங்கிவிட்டேன், கதவுக்குச் சரியாக இருக்குமா?

களிமண் உருண்டை, தம்பி. ரோலை இன்னும் பிரிக்காதீர்கள், மாற்றித் தருவார்கள்.