பின்னேர நடைக்கு அறிவித்தல் எழுதுவது எப்படி?

"கல்லடியில எங்கட ஒழுங்கைக்காரரைச் சேர்த்து கிழமைக்கொருக்கா பின்னேர நடை தொடங்கப் போறம். அறிவித்தலில என்ன போடுறது?"

இப்படிப் போடுங்க: "சனிக்கிழமை பின்னேரம் 5 மணி, ஒழுங்கை முகப்பு. 40 நிமிட நடை. மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு நடக்கலாம். ஆக மெதுவாக நடப்பவரே முன்னால்."

"மெதுவான நடை" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு கணக்கு. பின்தங்கினவர் அடுத்த கிழமை வரமாட்டார்.

நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லுங்க. நம் ரோட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால், அருகில் வருவது முகத்துக்கு நேரே தெரியும். வெளிர்நிறச் சட்டையும் கடைசி ஆளிடம் ஒரு டோர்ச்சும் வேணும். நவம்பர், டிசம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறையும், அப்போது 4.30க்குத் தொடங்குங்க, மழையென்றால் விடுங்க.