தறிக்கூடத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

கேள்வி: நான் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான். எம்.எஸ்சி. படிக்க ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். ‘உங்கள் லட்சியமும் அதற்குத் தடைகளும்’ என்று 500 சொற்களில் எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதியதை இணைத்திருக்கிறேன். அப்பா தறி ஓட்டுகிறார், நான் மாலையில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய 60,000 ரூபாய் அட்வான்ஸுக்கு வாரம் 500 பிடிக்கிறார்கள், இன்னும் 15,000 பாக்கி. உண்மையில் எனக்கு இயற்பியல் டீச்சர் ஆகத்தான் ஆசை, பிளஸ் ஒன்னில் பாதி வருடம் எங்களுக்கு அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை. ஆனால் அது சின்ன ஆசையாகத் தெரியுமோ என்று ஐ.ஏ.எஸ். என்று எழுதிவிட்டேன். இரண்டாம் செமஸ்டர் கணக்கில் ஓர் அரியர் வைத்து அடுத்த முறை பாஸ் செய்தேன். மறுமதிப்பீடு என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. அரியரைச் சொல்லலாமா? கட்டுரை சரியாக இருக்கிறதா?

பதில்: உங்கள் கட்டுரையை இரண்டு முறையும், கடிதத்தை மூன்று முறையும் படித்தேன். கடிதம்தான் நன்றாக இருக்கிறது. கட்டுரையில் இருக்க வேண்டியவை அனைத்தும் கடிதத்தில் இருக்கின்றன. கட்டுரையிலோ ‘வறுமை என்னும் இருளில் கல்வி என்னும் ஒளியைத் தேடி’ என்ற வரிதான் இருக்கிறது.

சில ஆண்டுகள் இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவொன்றில் நான் இருந்திருக்கிறேன். ‘கேடில் விழுச்செல்வம் கல்வி’ என்று தொடங்கும் கட்டுரைகள் ஒரே கட்டில் அடுத்தடுத்து வரும். வள்ளுவர் மீது குறை ஒன்றுமில்லை. ஆனால் உதவி கேட்பவர்கள் அனைவரும் ஏழைகள் என்பது படிப்பவருக்கு முன்பே தெரியும். வருமானச் சான்றிதழ் அதைச் சொல்லிவிட்டது. ஆகவே வறுமையை உருவகத்தால் விளக்கும் ஒவ்வொரு வரியும் வீணாகிறது. இந்தத் தடை இந்த மாணவியிடமிருந்து எத்தனை மணி நேரத்தையும் எவ்வளவு பணத்தையும் எடுத்துக்கொள்கிறது, அதற்கு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் குழு தேடுகிறது. உங்கள் முதல் பத்தியை நான் இப்படி மாற்றுவேன்:

‘எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர்தான். அப்பா அங்கே தறி ஓட்டுகிறார். கல்லூரியிலிருந்து வந்ததும் நான் தார் சுற்றித் தருகிறேன். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக 60,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம். வாரம் 500 ரூபாய் வீதம் கூலியில் பிடித்து 45,000 ரூபாய் அடைந்துவிட்டது. மீதி 15,000 ரூபாய் அடைய இன்னும் 30 வாரங்கள் ஆகும். அதுவரை என் மேற்படிப்புக்கு வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாது.’

சுவர் பற்றிய முதல் வரி என் கற்பனை. உங்கள் வீடு அப்படி இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு உங்கள் வீட்டில் உள்ளதை எழுதுங்கள். ஆனால் கடன் கணக்கு உங்களுடையது, அதன் பலத்தைக் கவனியுங்கள். ‘கடன் சுமையால் தவிக்கிறோம்’ என்றால் அது முடிவில்லாத துயரம். ‘30 வாரங்கள்’ என்றால் அது அளந்து சொல்லப்பட்ட ஓர் உண்மை. எழுதியவர் தன் குடும்பத்தின் வரவு செலவைத் தெரிந்து வைத்திருப்பவர் என்பதும் அதிலேயே தெரிகிறது. எத்தனை மணிக்குத் தார் சுற்றத் தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பக்கத்தில் தறி ஓடும்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதை நீங்கள் எங்குமே சொல்லவில்லை. அந்த இரண்டு வரிகளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தறிக்காரரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். பள்ளிபாளையம் போன்ற ஊரில் அறக்கட்டளைக்கு நன்கொடை தருபவர்களும் தறி வைத்திருப்பவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள். அப்பா நாளைக்கும் அதே கூடத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, கட்டுரையில் நீங்கள் விட்டுவிட்ட மறுமதிப்பீட்டுச் செய்தி. ‘முதல் தலைமுறை’ என்ற சொல்லுக்கு வறுமை என்று பொருள் கொண்டு கட்டுரை முழுவதையும் பணக் கஷ்டத்தால் நிரப்புவது பலரும் செய்யும் தவறு. பட்டதாரிகள் உள்ள வீட்டிலும் பணக் கஷ்டம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் ஒரு மாணவி பரீட்சையில் தோற்றால், ‘விடைத்தாளின் நகலைக் கேள், மறுமதிப்பீட்டுக்குப் போடு, கடைசித் தேதியைப் பார்’ என்று சொல்ல ஓர் அக்காவோ சித்தப்பாவோ இருப்பார். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நீங்கள் சொன்னாலும் புரிந்துகொள்ள ஆளில்லை. முதல் தலைமுறை மாணவிக்கே உரிய தடை இதுதான், இதற்கு வருமானச் சான்றிதழில் இடமில்லை.

அதனால் அரியரைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் மறைத்தாலும் அது மறையாது: மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும், ஒரு தாளுக்கு மட்டும் அது தள்ளிப்போயிருப்பதை, பட்டியல் படித்துப் பழகியவர்கள் ஒரே பார்வையில் கண்டுவிடுவார்கள். குழுவுக்கு ஓர் அரியர் பெரிய குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விட்டவரிடம் ‘வேறு எதைச் சொல்லாமல் விட்டாரோ’ என்ற ஐயம்தான் எழும். மூன்று வாக்கியங்கள் போதும்: எந்தத் தாளில் தோற்றீர்கள், மறுமதிப்பீடு பற்றித் தெரியாமல் அந்த வாய்ப்பை எப்படி இழந்தீர்கள், அடுத்த முறை எப்படிப் படித்துத் தேறினீர்கள். அம்மாவின் சிகிச்சை அதே மாதங்களில் நடந்திருந்தால் அதையும் சேருங்கள். இல்லையென்றால் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். நேர்காணலில் தேதி கேட்பார்கள்.

தேதியைப் போலவே தொகைகளும் விண்ணப்பம் முழுவதிலும் பொருந்தியிருக்க வேண்டும். கட்டுரையில் அப்பாவுக்கு ‘ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூலி’ என்கிறீர்கள். இணைத்திருக்கும் வருமானச் சான்றிதழ் ஆண்டுக்கு 84,000 என்கிறது. வாரத்துக்கு 6 நாள் என்றால் 3,600 ரூபாய். 52 வாரங்களுக்கு 1,87,200 ரூபாய். சான்றிதழில் உள்ளதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டுமே 2 லட்சத்துக்குள் இருப்பதால், குறைத்துக் காட்டி உங்களுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. ஆனால் இரண்டும் முரண்படுவதால் விண்ணப்பமே ஓரங்கட்டப்படலாம். சென்ற ஆண்டு உண்மையில் எத்தனை வாரங்கள் தறி ஓடியது என்று அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். பாவு இல்லாமல், நூல் விலை ஏறி, தறி நின்ற வாரங்களைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வருமானம். அது சான்றிதழுக்கு அருகில் வந்தால் ‘தறி ஓடும் நாளில் 600 ரூபாய், சென்ற ஆண்டு இத்தனை வாரங்கள் வேலை இல்லை’ என்று எழுதுங்கள். வெகு தொலைவில் நின்றால் இ-சேவை மையத்தில் சரியான வருமானத்தைக் கொடுத்துப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். கட்டுரையைச் சான்றிதழுக்கு ஏற்ப வளைக்காதீர்கள்.

‘இதுவரை எனக்கு எந்த உதவியும் கிடைத்ததில்லை’ என்ற வரியும் எனக்கு உறுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர் என்று விண்ணப்பத்தில் குறித்திருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதாமாதம் உங்கள் கணக்குக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது குழுவில் உள்ள எவருக்கும் தெரியும். வருகிறது என்றால் அதை மறைப்பதைவிடச் சொல்வதே உங்களுக்கு லாபம், ஏனென்றால் அந்தத் தொகை இளநிலைப் படிப்பு வரைதான், எம்.எஸ்சி. சேர்ந்ததும் நின்றுவிடும். ‘இதுவரை என் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அந்த 1,000 ரூபாய் உதவியது, எந்த மாதம் விடுதிச் செலவு தொடங்குகிறதோ அந்த மாதம் அது நிற்கிறது’ என்று எழுதினால், உதவி இப்போது ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

லட்சியப் பகுதிக்கு வருவோம். ஐ.ஏ.எஸ். வரியை எடுத்துவிடுங்கள். அது தாழ்ந்த காரணத்துக்காக எழுதப்பட்டது என்பதால் சொல்லவில்லை, எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பணம் கேட்கும் கட்டுரையில், அந்தப் படிப்பு இல்லாமலே, எந்தப் பட்டத்தை வைத்தும் எழுதக்கூடிய தேர்வை லட்சியமாகச் சொன்னால், ‘அப்படியென்றால் இந்தப் பணம் எதற்கு?’ என்று கேட்கத்தானே செய்வார்கள்? ஆசிரியர் ஆகும் ஆசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு அதே பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும், அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. எம்.எஸ்சி. 2 ஆண்டுகள், பி.எட். 2 ஆண்டுகள். இந்த உதவித்தொகை அந்தப் பாதையின் முதல் பாதிக்குப் பொருந்துகிறது. அதை அப்படியே எழுதுங்கள். பி.எட். படிப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அதற்குள் முன்பணக் கடன் அடைந்து வாரம் 500 ரூபாய் வீட்டில் மிஞ்சியிருக்கும் என்பது மேலே நீங்கள் போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

இந்தப் பகுதியின் தொடக்கமாகப் பிளஸ் ஒன் வகுப்பைப் போடுங்கள். ஆசிரியர் இல்லாத அந்த அரை ஆண்டில் இயற்பியல் பாடவேளையில் என்ன நடந்தது? யார் வந்து உட்கார்ந்தார்கள்? நீங்களே படித்துப் புரிந்துகொண்ட பாடம் எது, புரியாமலே போனது எது? ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு வரி எழுதுங்கள். பள்ளியின் பெயரோ, யார் மீதும் குற்றச்சாட்டோ வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, 500 சொற்களில் வீடும் வேலையும் கடனும் 200க்குள் அடங்கட்டும். கல்லூரியில் வழி தெரியாமல் நின்றதற்கும் அரியருக்கும் 120, லட்சியத்துக்கு 130. மிச்சமுள்ள 50 சொற்களில் இப்போது நன்றியும் ‘தங்கள் பொற்பாதங்களில்’ என்ற வணக்கமும் இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு, நீங்கள் சேர நினைக்கும் துறையில் படிக்கும் சீனியர் ஒருவரிடம் விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம் ஆகியவை ஆண்டுக்கு எவ்வளவு ஆகின்றன என்று கேட்டு, அதில் உங்களால் ஈட்ட முடிந்ததைக் கழித்து, இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவது எத்தனை ரூபாய் என்பதைக் கடைசி வரியாக எழுதுங்கள்.