பகிர்தல் வாரத்தில் பிள்ளைகள் வராவிட்டால்

பிள்ளைகளுக்கு வாரந்தோறும் கூடுகை நடத்தும் தன்னார்வலர் ஒருவர் சொல்கிறார்: "முதல் வாரம் விளையாட்டு, இரண்டாவது செய்முறை, மூன்றாவது பகிர்தல். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வருவதில்லை."

பகிர்தலுக்குத் தனி வாரம் வேண்டாம். செய்முறை நாளின் கடைசி அரைமணியில் வையுங்கள்.

கையில் பொருள் இல்லாமல் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வகுப்பாகிவிடும். செய்முறை விளையாட்டோடு ஒட்டாமல் இருப்பதும் அவர்கள் வராததற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆடி மாதத்தில் ஓலைக் காற்றாடி செய்து பாருங்கள். இரண்டு பனையோலைத் துண்டுகளைக் குறுக்கே வைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தினால் போதும். துளை இறுக்கமாக இருந்தால் சுற்றாது. சுற்றாதவரிடம் சுற்றுகிறவர் போய்ச் சரிசெய்து காட்டட்டும், பகிர்தல் அதுதான். அப்புறம் எல்லோரும் ஓடட்டும். பெரியவர்களே சரிசெய்து கொடுத்தால், தன்னார்வலர்கள் அதிகம் கைவைக்கிறார்கள் என்று அர்த்தம்.

முள் குத்தும் வேலை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மாதங்களில் விளையாட்டு மட்டும் போதும்.